மத்தி வராத வருடம்: கிருஷ்ணகிரி மீன் கடையிலிருந்து மலபார் கடலடி வரை

2021-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரியில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவின் கடையில் பாறையும் சங்கராவும் இருந்தன, மத்தி இல்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை. குளம் குட்டைகளில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில் என்று அக்காவுக்குத் தெரியும். ஐஸைத் தள்ளிவிட்டபடி கேட்டார்: "மீனைப் பத்திப் படிச்சவரு நீங்க, சொல்லுங்க சார். லாரிக்காரங்க கேரளாவுலயே மத்தி இல்லைங்கிறாங்க. அவ்ளோ பெரிய கடல்ல மீன் எப்படிங்க இல்லாமப் போவும்?"

நியாயமான கேள்வி. அந்த ஆண்டு கேரளக் கரையில் இறங்கிய மத்தி 3,297 டன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. அதே கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்டது. ஒன்பது ஆண்டுகளில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அடுத்த ஆண்டே, 2022-இல், திரும்பவும் 1 லட்சம் டன்னைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் மீனைப் புரிந்துகொள்ள அதன் வாழ்விடத்தைப் பார்க்க வேண்டும். அக்காவின் கேள்விக்குள் ஒரு நினைப்பும் ஒளிந்திருக்கிறது: கடல் பெரிது, ஆகவே மீன் எங்கும் இருக்கும். அது சரியல்ல. கடற்பரப்பில் பெரும்பகுதி, மீன் கணக்கில், வறண்ட நிலம்தான்.

அதை விளக்க நான் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. நம் மாவட்டத்திலேயே இருக்கும் இரண்டு தண்ணீரைக் காட்டினேன்.

கருங்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் மழைநீர் நின்று பார்த்திருப்பீர்கள். எழுபது எண்பது அடி ஆழம், தண்ணீர் கண்ணாடி போல நீலமாகத் தெளிந்திருக்கும். அதில் மீன்குஞ்சு விட்டவர்கள் பலர். குஞ்சு செத்துப்போவதில்லை, ஆனால் வளராது. பக்கத்திலேயே பாரூர் ஏரி மாதிரி அகன்று ஆழம் குறைந்த ஏரி இருக்கும். தண்ணீர் பச்சையாக, சற்றுக் கலங்கலாக இருக்கும். அதில் கட்லாவும் ரோகுவும் கொழுத்து வரும். குட்டை வைத்திருப்பவர்கள் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் தீனி குறைவு, சாணம் கரைத்து விட வேண்டும். பச்சை மூடி உள்ளங்கை மங்கினால் போதுமான மிதவைப் பாசி இருக்கிறது என்று பொருள். மீனுக்கு முதல் சோறு அந்தப் பச்சைதான்.

அந்தப் பச்சைக்கு வெயில் வேண்டும், உரம் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். ஆழ்கடலின் சிக்கல் இங்கேதான். வெயில் மேலே இருக்கிறது, உரம் அடியில் கிடக்கிறது. மேல்நீரில் வளர்ந்த பாசியும் அதைத் தின்ற உயிர்களின் கழிவும் செத்த உடல்களும் மெல்ல மூழ்குகின்றன. மூன்று நாலு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தவை அங்கே மட்கி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறும். அந்த நீர் மறுபடி வெளிச்சத்தைப் பார்க்கப் பல நூறு ஆண்டுகள் ஆகும். தெளிந்த நடுக்கடலிலும் பாசி வளரப் போதுமான வெளிச்சம் நூறு மீட்டர் சொச்சத்துக்குக் கீழே இறங்காது. கரையோரக் கலங்கலில் இருபது முப்பது மீட்டரிலேயே தீர்ந்துவிடும். ஆக நடுக்கடல் என்பது குவாரிப் பள்ளம். நீலம் அழகுதான், ஆனால் நீலம் என்றால் பட்டினி.

கரையை ஒட்டிய கண்டத்திட்டு அப்படியல்ல. நிலம் கடலுக்குள்ளும் மெல்லச் சரிந்துகொண்டே போய், ஏறக்குறைய 130 முதல் 200 மீட்டர் ஆழத்தில் சட்டென்று சரிவு கூடி ஆழ்கடலுக்கு இறங்கும். அந்த விளிம்பு வரையுள்ள மேடையைத்தான் கண்டத்திட்டு என்கிறோம். உலகக் கடற்பரப்பில் இது நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான், ஆனால் உலகம் பிடிக்கும் கடல் மீனில் பெரும்பகுதி இதன் மேலிருந்தும் இதன் ஓரத்திலிருந்தும் வருகிறது. கொச்சிக்கு நேரே இந்தத் திட்டு சுமார் 60 கிலோமீட்டர் அகலம். கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனாலும் முப்பது மீட்டர் ஆழம்தான் இருக்கும். அங்கே மூழ்கிய கழிவு முப்பது மீட்டரில் சேற்றில் போய் உட்கார்ந்துவிடும், தொலைந்துபோகாது. நல்ல அலை ஒன்று அடித்தால் அந்த உரம் மறுபடி மேலே வரும்.

இந்த இடத்தில் நம் பள்ளிக்கூடப் பாடத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் கிராண்ட் பேங்ஸில் வெப்ப நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் சந்திக்கின்றன, அதனால் மீன் அதிகம் என்று எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். சந்திப்பு உண்மைதான், ஆனால் வெப்பமும் குளிரும் சந்திப்பதே உணவாகிவிடாது. ஒருவேளை அதே கலக்கல் அடியில்லாத ஆழத்தில் நடந்தால் என்ன ஆகும்? உரம் மேலே வரும். ஆனால் கூடவே பாசியும் இருட்டுக்குள் இழுத்துச் செல்லப்படும். நாளின் பெரும்பகுதியை இருட்டில் கழிக்கும் பாசி, வெளிச்சத்தில் சேர்த்ததையெல்லாம் மூச்சுவிட்டே தீர்த்துவிடும். கடலியலாளர் ஸ்வெர்ட்ரப் 1953-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: கலக்கல் ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டினால் பாசியின் வரவைவிடச் செலவு அதிகமாகிவிடும். கிராண்ட் பேங்ஸில் நீர் பெரும்பாலும் நூறு மீட்டருக்கும் குறைவான ஆழம்தான். கலக்கல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பாசியை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது, தரை தடுத்துவிடும். நான் சொல்ல வருவது இதுதான்: ஆழமின்மை மட்டும் போதாது, கலக்கல் மட்டும் போதாது. கலக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் தரை இருக்க வேண்டும்.

இனி மத்திக்கு வருவோம்.

மலபாரில் ஜூன் முதல் அக்டோபர் வரை

ஏப்ரல், மே மாதங்களில் கேரளக் கடலின் மேல்நீர் 29, 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும். வெப்பமான நீர் இலேசானது. அது மூடி போட்ட மாதிரி மேலே நின்றுகொள்ளும். அடியில் உரமுள்ள குளிர்நீர் காத்திருக்கும். மேல்நீரில் இருந்த கொஞ்ச உரமும் தீர்ந்துபோய்க் கடல் தெளிந்திருக்கும். இந்த நேரத்தில் மத்தியும் மெலிந்துதான் இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் காட்சி மாறுகிறது. அந்தக் கரையோரம் காற்று நேராகக் கரையை மோதுவதில்லை. அதில் வடக்கிலிருந்து தெற்காகக் கரையை உரசிச் செல்லும் ஒரு பங்கு உண்டு. பூமி சுழல்வதால், வடக்கு அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கம் விலகும். தெற்கு நோக்கி நின்று வலக்கையை நீட்டுங்கள், மேற்கே நடுக்கடலைக் காட்டும். அதாவது கரையோர மேல்நீர் கடலுக்குள் விலகிப் போகிறது. காலியான இடத்தை நிரப்பக் கரைச்சரிவு வழியாகக் குளிர்நீர் ஏறி வருகிறது. நாளுக்கு ஓரிரு மீட்டர் என்ற அளவில் மெல்ல ஏறும். இது கன்னியாகுமரி முனைப் பக்கம் முதலில் தொடங்கி வாரக்கணக்கில் வடக்கே நகரும். காற்று மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வங்கக் கடலிலும் இலங்கையைச் சுற்றியும் பிறந்து கரையோரமாக நகர்ந்து வரும் நீளமான அலைகள், பருவமழைக்கு முன்பே அந்தக் குளிர்நீரின் மேல்மட்டத்தை உயர்த்தி வைத்துவிடுகின்றன. காற்று மீதியை முடிக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் மேல்நீர் வெப்பம் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கொந்தளிப்பும் சேறும்தான் தெரியும். நீருக்குள்ளோ மூடி திறந்துவிட்டது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் மூன்றும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. வெளிச்சம் தீர்வதற்குள் தரை வந்துவிடுகிறது. டயட்டம் என்ற, கண்ணாடி ஓடு போர்த்திய மிதவைப் பாசி வெடித்துப் பெருகும்.

டயட்டம் வருவது ஏன் முக்கியம் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். உரம் குறைந்த நடுக்கடலில் மிக நுண்ணிய பாசிகள்தான் பிழைக்கும். அவற்றை மீன் நேரடியாகத் தின்ன முடியாது, வடிகட்டப் பிடிபடாத அளவு சிறியவை. ஒற்றைச் செல் உயிர் அதைத் தின்னும், அதைச் சின்ன ஓட்டுயிர் தின்னும், அதைப் பெரியது தின்னும், பிறகு சிறுமீன், கடைசியில் சூரை. ஒவ்வொரு படியிலும் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் உடலாகச் சேரும், மீதி ஓட்டத்திலும் மூச்சிலும் போய்விடும். 1,000 கிலோ பாசியில் தொடங்கி ஐந்து படி ஏறினால் சூரையின் உடலில் சேர்வது 10 கிராம். மலபாரிலோ டயட்டம் பெரிது, சங்கிலியாகக் கோத்து நிற்பது. மத்தி வாயைத் திறந்து நீந்தினாலே போதும். செவுளில் சீப்புப் பல் போல நெருங்கிய முட்கள் அதை அரித்து வைத்துக்கொள்ளும். ஒரே படி. 1,000 கிலோ டயட்டத்துக்கு 100 கிலோ மத்தி. மத்தி நுண்ணிய ஓட்டுயிர்களையும் தின்கிறது என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் இடைவெளி பல ஆயிரம் மடங்கு. ஜான் ரைதர் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1969-இல் இந்தப் படிக்கணக்கை வைத்துத்தான், நீர் மேலெழும் பகுதிகள் கடற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தும் உலக மீன் விளைச்சலில் ஏறக்குறையப் பாதியைத் தருகின்றன என்று மதிப்பிட்டார். அவர் போட்ட எண்களைப் பிறகு பலர் திருத்தியிருக்கிறார்கள். படி குறைந்தால் மீன் கூடும் என்ற அடிப்படை மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தத் தொடர்பு நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதும் அல்ல. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல்லும் அவருடன் நாயுடு என்ற ஆய்வாளரும் 1920-களிலேயே மத்தியின் இரைப்பையைத் திறந்து பார்த்து, கடல்நீரில் அந்தந்த மாதம் இருந்த மிதவை உயிர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஃபிராஜிலாரியா ஓசியானிகா என்ற டயட்டம் பெருகும் பருவத்தில் மத்தி கரையோரம் கூட்டமாக வருகிறது என்பது பின்னர் வந்த ஆய்வாளர்களும் கண்டது. மத்திக்கு ஆயுள் இரண்டரை ஆண்டுதான். முதல் வருடத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பருவமழை தொடங்கும்போது முட்டையிடும், குஞ்சு பொரிந்து வாய் திறக்கும் நேரமும் டயட்டம் பெருகும் நேரமும் ஒன்றாக அமையும். அக்டோபருக்கு மேல் அக்கா விற்கும் மத்தியை வறுத்தால் சட்டியில் எண்ணெய் தானாக ஊறுகிறதே, அது மூன்று மாதம் தின்ற டயட்டம்.

அதே கலக்கல் கெடுக்கும் நேரம்

சில வருடங்களுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு குட்டை விவசாயி விடியற்காலையில் போன் செய்தார். "மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க, யாரோ மருந்து ஊத்திட்டாங்க போல." போய்ப் பார்த்தேன். மருந்து யாரும் ஊற்றவில்லை. பத்தடி ஆழம் வெட்டிய குட்டை. மே மாதம் முழுக்க வெயில் காய்ந்து, மேலே வெந்நீரும் கீழே குளிர்நீருமாகப் பிரிந்து நின்றிருந்தது. அடிநீரில் சாணமும் தீனி மிச்சமும் மட்கி, பிராணவாயு தீர்ந்துபோயிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியதில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடிநீர் புரண்டு மேலே வந்துவிட்டது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலேற்றி மழை மாதிரித் தெளிக்கச் சொன்னேன், இரண்டு நாள் தீனி போட வேண்டாம், சாணம் கரைக்கவே வேண்டாம் என்றேன். பாதி மீன் தப்பியது.

மலபார்க் கடலிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. அரபிக் கடலில் ஏறக்குறைய 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை பிராணவாயு மிகக் குறைந்த ஒரு பெரிய நீரடுக்கு இருக்கிறது. கண்டத்திட்டின் மேல் ஏறி வரும் குளிர்நீர் உரத்தைச் சுமந்து வரும்போதே அந்தக் குறையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அது திட்டின் மேல் படுத்திருக்கும்போது, மேலே பெருகிய பாசி செத்து விழுந்து மட்கி, மிச்சமிருந்த பிராணவாயுவையும் தின்றுவிடும். மழைநீரும் ஆற்றுநீரும் மேலே இலேசான மூடியாக நிற்பதால் காற்றிலிருந்து புதிதாக இறங்கவும் வழியில்லை. செப்டம்பர், அக்டோபரில் கோவா, கர்நாடகக் கரைக்கு நேரே திட்டின் அடிநீரில் அழுகின முட்டை வாசமுள்ள வாயுவே உண்டாவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. நக்வி முதலான கோவா ஆய்வாளர்கள் 2000-இல் இதை வெளியிட்டார்கள். அடியில் வாழும் மீனும் இறாலும் அப்போது கரையை நோக்கி ஒதுங்கும். சில நாள் வலை நிறையும், பிறகு காலியாகும். வலை நிறைந்தது வளத்தால் அல்ல, மூச்சுத் திணறி ஓடி வந்ததால். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. மேல்நீரில் திரியும் மத்தி, கானாங்கெளுத்தி பரவலாகக் கிடைத்தால் உணவு காரணம். அடிமீன் மட்டும் கரையை ஒட்டிக் குவிந்தால் அடிநீரைச் சந்தேகிக்க வேண்டும்.

காற்றுக்கும் ஓர் அளவு உண்டு. மெலிந்தால் மூடி திறக்காது. மிஞ்சினால் மேல்நீரோடு முட்டையும் குஞ்சும் திட்டைத் தாண்டி ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படும், பெருகிய டயட்டமும் மத்தியின் கண்ணில் படாமல் விலகிப் போகும்.

ஏன் நம் கரையில் இப்படி இல்லை?

அக்காவின் அடுத்த கேள்வி இது. நாகப்பட்டினமும் கடலூரும் நமக்குக் கிட்டத்தில் இருக்க, மத்திக்கு மட்டும் கேரளத்தை நம்புவானேன்? வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் நன்னீரைக் கொட்டுகின்றன. நம் தென்பெண்ணையும் கடலூர் அருகே போய் அங்கேதான் சேர்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு. அது மேலே படர்ந்து நிற்கும்போது காற்றால் அந்த மூடியைக் கிழிக்க எளிதில் முடிவதில்லை. கடலூர்ப் பக்கம் திட்டும் குறுகலானது. நம் கரையில் விதிவிலக்கு கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க். ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த கடலடி மேடு, பெரும்பகுதி 200 மீட்டருக்குள்தான். இரு பக்கத்துக் கடல்நீரும் பருவத்துக்குப் பருவம் அதன் மேல் மாறி மாறிப் பாய்கிறது, குளிர்நீர் மேலெழுவதும் அங்கேதான் முதலில் தொடங்குகிறது. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் எல்லை பேசியபோது இந்த மேட்டுக்கென்றே தனி ஏற்பாடு செய்தார்கள். இலங்கையின் ஆறு படகுகள் மூன்று ஆண்டு மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம், அதன் பிறகு இல்லை. கடலுக்கடியில் கிடக்கும் ஒரு மேட்டுக்காக இரண்டு அரசுகள் டன் கணக்கு எழுதியிருக்கின்றன.

சரி, 2021-இல் மத்தி ஏன் வரவில்லை? ஒரே காரணம் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. 2010-க்குப் பின் சில ஆண்டுகள் மிக அதிகமாகப் பிடித்தார்கள், குஞ்சு மீனையும் சேர்த்து. 2015-16-இல் வலுவான எல் நினோ வந்து கடல் சூடேறியது. ஆயுள் இரண்டரை ஆண்டேயான மீனுக்கு இரண்டு மோசமான பருவம் அடுத்தடுத்து வந்தால் முட்டையிடத் தாய்மீனே மிஞ்சாது. உணவு விளைவது வேறு, அந்த உணவைத் தின்ன மீன் இருப்பது வேறு. ஹைதராபாத்தில் இருந்து இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் நீரின் வெப்பத்தையும் பச்சையையும் பார்த்து மீன் கூடும் இடத்தை மீனவர்களுக்குச் சொல்கிறது. அது பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அந்தப் படத்தில் தெரிவது பச்சை, மீன் அல்ல.

2024-இல் நேர்மாறாக நடந்தது. பருவமழையும் நீர் மேலெழுதலும் சாதகமாக அமைந்து குஞ்சுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்தன. கூட்டம் பெருத்ததும் தீனிக்குப் போட்டி வந்து, மத்தி நீளாமல் நின்றுவிட்டது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விளக்கியது. குட்டையில் அளவுக்கு மீறிக் குஞ்சு விட்டால் என்ன ஆகுமோ அதுதான். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா கடையில் மத்தி கூடை நிறைய இருந்தது. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலை மணிக்கட்டில், வால் என் நடுவிரலின் முதல் கணுவைக்கூடத் தொடவில்லை. "மலிவா குடுத்தாங்கன்னு வாங்கிட்டேங்க சார். வறுத்தா எண்ணெயே வுடமாட்டேங்குது" என்றார். அது தின்னாமல் வளர்ந்த மீன், அக்கா. இன்னொரு பருவம் கடலிலேயே விட்டிருந்தால் எண்ணெய் விட்டிருக்கும் என்றேன். அவர் அந்த மீனைத் திருப்பிக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த தடவை லாரிக்காரரிடம் அளவு கேட்டுத்தான் வாங்குவேன் என்றார்.